முன்பல்லுக்கு முன்னால் மூன்று மில்லிமீட்டர்

ஹாக்கி மட்டையோ, எதிராளியின் முழங்கையோ, துள்ளி எழும் பந்தோ வாயில் பட்டால், அடி வாங்குபவை பெரும்பாலும் மேல்வரிசையின் முன்பற்கள்தான். அவற்றிலும் நடுவில் இருக்கும் இரண்டு பெரிய பற்களுக்குத்தான் சேதம் அதிகம். விளையாடுபவர்கள் வாயில் மாட்டிக்கொள்ளும் மவுத் கார்டின் முதல் வேலை, அந்தப் பற்களுக்கும் அடிக்கும் நடுவில் நின்று விசையை வாங்கிக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்துப் பற்களுக்குப் பகிர்ந்துவிடுவது. உதடும் கன்னமும் பல் விளிம்பில் பட்டுக் கிழியாமல் தடுப்பதும், தாடையில் குத்து விழும்போது கீழ்ப்பற்கள் மேல்பற்களோடு மோதி உடையாமல் காப்பதும் கூடுதல் வேலைகள்.

இது பலன் தருமா என்ற கேள்விக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜோசப் நாபிக்கும் அவர் குழுவினரும் பல விளையாட்டுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2007-இல் வெளியிட்டார்கள். மவுத் கார்டு போடாதவர்களுக்கு வாயிலும் முகத்திலும் காயம் ஏற்படும் வாய்ப்பு, போட்டவர்களைவிட 1.6 முதல் 1.9 மடங்கு வரை இருந்தது.

எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். விளையாட்டுப் பொருள் கடையில் சில நூறு ரூபாய்க்கு ஒன்று கிடைக்கிறது. வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்து, நாமே வடிவம் கொடுத்துக்கொள்ளும் வகை அது. பல் மருத்துவரிடம் போனால் வாயை அளவெடுத்து, அச்சு வார்த்து, நமக்கென்றே ஒன்றைச் செய்து தருவார். அதற்குச் சில ஆயிரம் ஆகும். இந்த இரண்டையும் விலையை வைத்தே பலரும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மாட்டிய பிறகு முன்பல்லுக்கு முன்னால் எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சுகிறது? போடப்போகிறவர் வாயில் பற்கள் முளைத்து முடிந்துவிட்டனவா?

தடிமன்தான் காவல்

இரண்டு வகையிலும் பெரும்பாலும் பயன்படுவது ஒரே பொருள்: எத்திலீன் வினைல் அசிடேட், சுருக்கமாக ஈ.வி.ஏ. ஓட்டப் பயிற்சிக்குப் போடும் ஷூவின் அடிப்பாகத்தில் நுரைபோல இருப்பதும் இதன் இன்னொரு வடிவம்தான். சூடாக்கினால் இளகும், ஆறினால் அந்த வடிவிலேயே நிற்கும். பொருள் ஒன்றுதான் என்றால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அது வாயில் எந்த இடத்தில் எவ்வளவு தடிமனாக நிற்கிறது என்பதிலிருந்துதான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெவ்வேறு தடிமனுள்ள ஈ.வி.ஏ. தகடுகளின் மேல் ஒரே அளவு அடியைக் கொடுத்து, எவ்வளவு விசை மறுபக்கம் போகிறது என்று அளந்து 2002-இல் எழுதினார்கள். தகடு தடிக்கத் தடிக்க மறுபக்கம் போகும் விசை குறைந்துகொண்டே வந்தது. நான்கு மில்லிமீட்டர் வரை இந்த லாபம் நன்றாகத் தெரிந்தது; அதற்கு மேல் எவ்வளவு தடிப்பாக்கியும் கூடுதல் பலன் சொற்பமே. அதோடு, மிகவும் தடித்த கார்டைப் போட்டால் உதடு மூடாது, பேச்சு குழறும். ஆகவே பாதுகாப்பையும் வசதியையும் சேர்த்துப் பார்த்துப் பல் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: பல்லின் முன்பக்கம் குறைந்தது மூன்று மில்லிமீட்டர், கடிக்கும் பரப்பில் இரண்டு, உள்பக்கம் அண்ணத்தை ஒட்டி ஒன்று.

மில்லிமீட்டர் என்றதும் அது மருத்துவருக்கான கணக்கு என்று விட்டுவிட வேண்டியதில்லை. பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் வெர்னியர் காலிப்பரால் யாரும் இதை அளக்கலாம். கார்டின் முன்பக்கச் சுவரில், நடுப்பற்கள் உட்காரும் குழிக்கு நேராகக் காலிப்பரின் இரு தாடைகளையும் அழுத்தாமல் வைத்துப் படித்தால் போதும். பொருள் மெத்தென்றிருப்பதால் அழுத்தினால் அளவு குறைத்துக் காட்டும். அதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். எத்தனை விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இந்த அளவு ஒன்றரையோ அதற்குக் கீழோ காட்டினால், அந்தக் கார்டிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது.

அடுப்படியில் நடப்பது

ஹாக்கிக்குப் பேர்போன ஊர் கோவில்பட்டி. அங்கே ஒரே வீட்டில் அக்காளும் தம்பியும் ஹாக்கி ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தம்பிக்குப் பத்து வயது, இப்போதுதான் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான். அக்காளுக்குப் பத்தொன்பது; கல்லூரி அணியில் தடுப்பாட்டக்காரி. பெனால்டி கார்னரில் கோல் பக்கம் நின்று ஓடிவருபவள். ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். நன்றாக அடித்த டிராக் ஃப்ளிக்கில் அது மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். இருவருக்கும் மவுத் கார்டு வேண்டும். ஆனால் ஒரே வகை வேண்டுமா?

முதலில் தம்பிக்குக் கடையில் வாங்கிய வெந்நீர் வகையைப் பார்ப்போம். அப்பா தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைக்கிறார். பெட்டியோடு வரும் குறிப்பைப் படிக்காமல் கார்டைப் போட்டு, இளகியதும் எடுத்து, "நல்லா கடிடா" என்கிறார். பையனும் தன் முழு பலத்தைக் காட்டுகிறான். ஆறிய பிறகு எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பல்லும் அழகாகப் பதிந்திருக்கிறது. அந்த அழகில்தான் கோளாறு இருக்கிறது. இளகிய பிளாஸ்டிக் பற்களுக்கு நடுவிலிருந்து பிதுங்கிப் பக்கவாட்டில் போய்விட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கடைவாய்ப் பற்கள் பதிந்த இடம் கண்ணாடித்தாள்போலத் தெரியும். 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இதை அளந்தார்கள்: வாயில் கடித்து வடிவமைத்தபோது கடிக்கும் பரப்பின் தடிமன் 70 முதல் 99 சதவீதம் வரை குறைந்துபோயிருந்தது.

ஆகவே இந்த வகையில் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தடிமனைவிட, வடிவமைக்கும் அந்த அரை நிமிடம்தான் முக்கியம். அதை எப்படிச் செய்ய வேண்டும்?

சூடாக்கும் முன்பே கார்டைப் பையன் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். அது மேல்வரிசைக்கானது. நடுக்கோடு இரண்டு பெரிய பற்களுக்கு நடுவில் வர வேண்டும். பின்பக்கம் ஆறு வயதில் முளைத்த முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் வரை போனால் போதும். அதற்கும் பின்னால் நீண்டு குமட்டல் வந்தால், மிச்சத்தைக் கத்தரித்து முனையை உருட்டிவிடலாம். கண்ணாடி முன் நின்று, சூடாக்காத கார்டை வைத்து இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்ப்பது நல்லது. இளகிய பிறகு தடுமாற நேரம் கிடையாது.

தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, கொந்தளிப்பு அடங்கிய பிறகு ஜல்லிக்கரண்டியில் கார்டை வைத்து அமிழ்த்த வேண்டும். எத்தனை வினாடி என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பெரும்பாலும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் இருக்கும்; பெட்டியில் உள்ள குறிப்புதான் கணக்கு. அதிகம் விட்டால் வடிவமே குலைந்துவிடும். எடுத்ததும் மேல்தோல் சுடாமல் இருக்க, ஒரு வினாடி குளிர்ந்த நீரில் காட்டி எடுத்துப் பெரியவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வாயில் வைக்க வேண்டும்.

வைத்ததும் கடிப்பதற்கு முன் செய்ய வேண்டியது மூன்று. கட்டைவிரல்களால் கார்டை மேல்நோக்கிப் பற்களில் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். உதட்டின் மேலும் கன்னத்தின் மேலும் வெளியிலிருந்து விரல்களால் ஈறை நோக்கி அழுத்த வேண்டும். பையன் வாயை மூடி, குழலில் உறிஞ்சுவதுபோல உள்ளே இழுத்தபடி, நாக்கால் அண்ணத்துப் பக்கத்தை மேலே தள்ள வேண்டும். கார்டைப் பல்லோடு பற்றிக்கொள்ள வைப்பவை இந்த மூன்றும்தான். கடி கடைசியில் வருகிறது, அதுவும் மென்மையாக. கீழ்ப்பற்கள் கார்டில் பட்டு லேசாகத் தடம் பதிந்தால் போதும், அதோடு நிறுத்திவிட வேண்டும். இருபது முப்பது வினாடி அப்படியே இருந்துவிட்டு, எடுத்துக் குளிர்ந்த நீரில் போட வேண்டும்.

சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே சோதனை போதும். வாயில் மாட்டிக்கொண்டு வாயை அகலத் திறக்கச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துப் பிடிக்காமலே அது மேலே நிற்க வேண்டும். விழுந்தால் வடிவமைப்பு சரியில்லை. கடித்துப் பிடித்தால்தான் நிற்கும் என்றால், ஓடும்போது பையன் வாய்வழி மூச்சுவிட வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது நழுவும். பிறகு அதை மென்றுகொண்டே இருப்பான், அல்லது காலுறைக்குள் செருகி வைத்துவிடுவான். வடிவம் தவறினால் மறுபடி சூடாக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தடிமன் போகும். இரண்டு மூன்று முறைக்கு மேல் போனால் புதிது வாங்குவதே நல்லது.

மருத்துவரிடம் செய்வது

அக்காளின் கார்டு வேறு வழியில் உருவாகிறது. பல் மருத்துவர் பற்களையும் ஈறையும் பார்த்து, சொத்தை இருந்தால் முதலில் அடைத்துவிடுகிறார். பிறகு ஆல்ஜினேட் என்ற பொடியைத் தண்ணீரில் குழைத்து, குழைவைத் தட்டில் நிரப்பி மேல்வரிசையில் அழுத்துகிறார். இரண்டு மூன்று நிமிடத்தில் அது ரப்பர்போல இறுகிவிடும். குமட்டினால் தலையை முன்னால் சாய்த்து மூக்கால் மூச்சுவிடச் சொல்வார். பற்கள் மட்டும் பதிந்தால் போதாது. உதடும் ஈறும் சேரும் மடிப்பு வரை அளவில் வர வேண்டும். கார்டின் மேல்விளிம்பு அந்த மடிப்புக்குச் சற்றுக் கீழே வரை போகப்போகிறது. கீழ்வரிசைக்கும் ஓர் அளவு, இரண்டு வரிசையும் கடிக்கும் விதத்துக்கு ஒரு பதிவு. இப்போது சில மருத்துவமனைகளில் குழைவுக்குப் பதிலாகச் சிறிய ஸ்கேனரை வாயில் காட்டியே அளவெடுத்துவிடுகிறார்கள்.

ஆல்ஜினேட் அளவு உலர்ந்தால் சுருங்கும். அதனால் தாமதிக்காமல் அதில் டென்டல் ஸ்டோன் என்ற கெட்டியான சுண்ணக்கலவையை ஊற்றிப் பல்வரிசையின் அச்சு வார்க்கிறார்கள். இனி வேலை கருவியில். ஈ.வி.ஏ. தகட்டைச் சட்டத்தில் பொருத்தி மேலிருந்து சூடுகாட்டுவார்கள். தகடு இளகி ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் தொய்ந்ததும், அதை அச்சின் மேல் இறக்குவார்கள். எளிய கருவியில் கீழிருந்து காற்றை உறிஞ்சி, தகட்டை அச்சோடு ஒட்ட வைப்பார்கள். இன்னொரு வகைக் கருவியில் மேலிருந்து அழுத்தக் காற்று தகட்டை அச்சின் மேல் அமுக்கும்.

அளவெடுத்துச் செய்தது என்றாலே உயர்ந்தது என்று நம்புகிறவர்கள் பொதுவாகக் கேட்காமல் விடும் ஒரு விஷயம் இங்கேதான் இருக்கிறது. பரோட்டா மாவை வீசி விரிக்கும்போது எங்கே அதிகம் இழுபடுகிறதோ அங்கே மெலிவதுபோல, தகடும் அச்சின் உயரமான பகுதியின் மேல் இழுபட்டு மெலிகிறது. அச்சில் உயர்ந்து நிற்பவை எவை? முன்பற்கள்தான். மூன்று மில்லிமீட்டர் தகட்டை ஒரே அடுக்காக உறிஞ்சு கருவியில் போட்டால், முன்பல்லின் மேல் சில சமயம் பாதிதான் மிஞ்சும். எங்கே தடிமன் வேண்டுமோ அங்கேயே அது குறைகிறது. மருத்துவரிடம் செய்ததாக இருந்தும், பக்குவமாக வடிவமைத்த கடைக் கார்டைவிடப் பெரிதாக எதையும் அது தந்துவிடாது.

இதற்குத் தீர்வு இரண்டு அடுக்கு. முதல் தகட்டை அழுத்தக் காற்றால் அச்சில் பதித்து, தேவையான அளவுக்கு வெட்டி, அதன் மேல் இரண்டாவது தகட்டைச் சூடாகப் பதித்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். எந்த இடத்தில் தடிமன் வேண்டும் என்பதை இப்போது செய்பவரே தீர்மானிக்கலாம். முன்பக்கம் மூன்று, நான்கு மில்லிமீட்டரை நிச்சயமாக நிறுத்தலாம். அடுக்குகளுக்கு நடுவில் விரல் ரேகையின் எண்ணெயோ ஈரமோ இருந்தால் அவை நாளடைவில் பிரியும். விளிம்பில் வெள்ளைக் கோடோ காற்றுக் குமிழோ தெரிவது அதற்கு அடையாளம். அப்படி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவதே முறை.

கடைசி வேலை கடியைச் சமன் செய்வது. கார்டை மாட்டிக்கொண்டு வாயை மூடினால் இருபுறமும் கடைவாய்ப் பற்கள் ஒரே நேரத்தில், ஒரே அளவில் படவேண்டும். ஒருபுறம் மட்டும் பட்டால் ஆட்டம் முடிந்த பிறகு காதுக்கு முன்னால் தாடை மூட்டில் வலிக்கும். மருத்துவர் கார்டின் கடிபரப்பை லேசாகச் சூடாக்கி, கீழ்ப்பற்களின் தடம் ஆழமில்லாமல் பதியும்படி கடிக்க வைத்துச் சரிசெய்வார்.

ஆகவே, அளவெடுத்துச் செய்யப் போகிறவர் மருத்துவரிடம் கேட்க வேண்டியது சுருக்கமானது. எத்தனை அடுக்கு? உறிஞ்சும் கருவியா, அழுத்தக் கருவியா? முடித்த பிறகு முன்பல்லின் மேல் எத்தனை மில்லிமீட்டர் இருக்கும்? இதற்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்பவரிடம் செய்துகொள்ளலாம்.

களத்திலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் உள்ளூர் ஃபுட்பால் அணிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அளவெடுத்துச் செய்த அடுக்குக் கார்டுகளைக் கொடுத்தார்கள். மற்றவர்களை வழக்கம்போல விட்டுவிட்டார்கள்; அவர்கள் தங்களிடம் இருந்ததைப் போட்டார்கள் அல்லது போடாமல் ஆடினார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வில், அடுக்குக் கார்டு கிடைத்தவர்களுக்குத் தலை, முகம், வாய்ப் பகுதிக் காயங்கள் ஏறக்குறைய 44 சதவீதம் குறைந்திருந்தன. இது வெந்நீர் வகையோடு நேருக்கு நேர் நிறுத்திய போட்டி இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அளவெடுத்ததைப் போட்டுக்கொண்டு பேசவும் மூச்சுவிடவும் எளிது என்பதால் வீரர்கள் அதைக் கழற்றாமல் ஆடுகிறார்கள். லாபத்தில் ஒரு பகுதி அதிலிருந்தும் வரலாம்.

பத்து வயது வாய்

இவ்வளவும் கேட்ட அம்மாவுக்கு அக்காளின் கார்டைப் பார்த்ததும் தம்பிக்கும் அதையே செய்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

"டாக்டர், பையனுக்கும் இதே மாதிரி செஞ்சிரலாமா?"

"இப்ப வேண்டாம்மா. இந்தப் பல்லைத் தொட்டுப் பாருங்க, ஆடுதா? இதுக்குப் பக்கத்துல இருக்கிறதும் இன்னும் ஆறு மாசத்துல விழுந்துரும். இன்னைக்கு அளவெடுத்துச் செஞ்சா, புதுப் பல்லு வெளிய வரும்போது அதுக்கு இடமே இருக்காது."

மருத்துவர் சொல்வதன் கணக்கு இது. மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டும் ஏழெட்டு வயதில் முளைக்கின்றன. பக்கத்தில் இருப்பவை எட்டு, ஒன்பதில். பால்கடைவாய்ப் பற்கள் விழுந்து அந்த இடத்தில் புதியவை வருவது பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். கோரைப்பல் பதினொன்று, பன்னிரண்டில். இரண்டாம் கடைவாய்ப் பல் பன்னிரண்டு, பதின்மூன்றில். தாடையும் இந்த ஆண்டுகளில் வளர்கிறது. இறுக்கமாகப் பொருந்துவதுதான் அளவெடுத்த கார்டின் பெருமை. மாறிக்கொண்டே இருக்கும் வாயில் அந்தப் பெருமை ஆறு மாதம் தாங்காது. பொருந்தாமல் போன கார்டைக் கட்டாயப்படுத்தி மாட்டினால், முளைக்கும் பல்லை அது அழுத்தும்.

அதற்காகப் பத்து வயதில் ஆபத்து குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. முளைத்த பல்லின் வேர் முழுதாக வளர்ந்து முடிய இன்னும் ஏறக்குறைய மூன்றாண்டு ஆகும். அதுவரை வேரின் நுனி திறந்தே இருக்கும், சுவர்கள் மெலிந்திருக்கும். அந்த வயதில் நடுப்பல் போய்விட்டால் இம்பிளான்ட் வைக்கவும் முடியாது. தாடை வளர்ச்சி நிற்கும்வரை, அதாவது ஏறக்குறைய பதினெட்டு வயதுக்கு மேல் ஆகும்வரை, தற்காலிக ஏற்பாடுகளோடுதான் ஓட்ட வேண்டும். மேல்முன்பற்கள் எடுப்பாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். உதடு முழுதாக மூடாததால் பல்லுக்கு அந்தத் தடுப்பும் இல்லை.

ஆகவே தம்பிக்கு ஏற்றது சிறுவர் அளவிலான வெந்நீர் வகைதான். முறையாக வடிவமைத்து, பல் விழும்போதும் புதிய பல் எட்டிப்பார்க்கும்போதும் சோதித்து, தேவைப்பட்டால் மாற்றிவிட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு வாங்கினாலும் அளவெடுத்த ஒன்றின் விலை வராது. வீட்டில் வடிவமைக்கத் தயக்கமாக இருந்தால் கடையில் வாங்கியதையே பல் மருத்துவரிடம் கொண்டுபோய் அங்கே வடிவமைத்துக்கொள்ளலாம். கடி எங்கே நிற்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். பல்வரிசை எடுப்பாக இருந்து கடைக் கார்டு எதுவும் உட்காராத பிள்ளைக்கு மட்டும், முளைக்கும் பல்லுக்கு இடம்விட்டு மருத்துவர் தனியாகச் செய்து தரலாம். அதையும் அடிக்கடி மாற்ற வேண்டிவரும் என்பதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கம்பி போட்ட பற்கள்

பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு வகையிலும் எச்சரிக்கை வேண்டும். சாதாரண வெந்நீர்க் கார்டை இளக்கி வைத்தால், பிளாஸ்டிக் கம்பியின் பிராக்கெட்டுகளுக்குள் ஓடி இறுகிக்கொள்ளும். கழற்றும்போது பிராக்கெட்டும் சேர்ந்து வரும். பொருந்தி உட்கார்ந்தாலும், மருத்துவர் நகர்த்த நினைக்கும் பல்லை அது நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கம்பி போட்டவர்களுக்கென்று நடுவில் வாய்க்கால் விட்ட, இளக்கத் தேவையில்லாத சிலிக்கோன் வகைகள் கிடைக்கின்றன. அளவெடுத்துச் செய்வதானால் அச்சில் பிராக்கெட்டுகளின் மேல் மெழுகால் மூடி, இடம்விட்டுச் செய்வார்கள். கம்பியைக் கட்டிய மருத்துவரிடம் கேட்காமல் இதில் எதையும் வாங்க வேண்டாம். கம்பி போட்டவர் வாயில் அடிபட்டால் உதட்டின் உள்பக்கம் கிழிவது சாதாரணம். கீழ்வரிசையிலும் கம்பி இருந்தால் இரண்டு வரிசையையும் மூடும் வகை உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

வளர்ந்தவர் கணக்கு

பற்கள் முளைத்து முடிந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. பத்தொன்பது வயது அக்காளின் பல்வரிசை இனி பெரிதாக மாறாது. அளவெடுத்த கார்டை நன்றாக வைத்துக்கொண்டால் சில சீசன்கள் தாங்கும். வாரத்தில் ஐந்தாறு நாள் ஆடுகிறவளுக்கு அந்தச் செலவு ஒரு நாளுக்குச் சில ரூபாய்தான் வரும். குத்துச்சண்டை, ஹாக்கி, ரக்பி, கராத்தே, டேக்வாண்டோ என்று வாயில் அடி விழும் ஆட்டங்களை அடிக்கடி ஆடும் பெரியவர்கள் இரண்டு அடுக்கு கார்டுக்கே போகலாம். கபடியில் தலையும் முழங்காலும் முகத்தில் மோதுவது அன்றாடம் நடப்பது. அங்கேயும் இதே கணக்குத்தான். மாதத்தில் ஓரிரு நாள் நண்பர்களோடு ஆடுகிறவருக்குப் பக்குவமாக வடிவமைத்த வெந்நீர் வகையே போதும்.

பெரியவர்களுக்கென்று சில கூடுதல் விஷயங்கள் உண்டு. கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் ஆட்டத்துக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். அடிபட்டு உடைந்தால் துண்டு தொண்டைக்குள் போகும் அபாயம் உண்டு. பல் இல்லாத அந்த இடத்தை நிரப்பும்படி கார்டைச் செய்ய அளவெடுத்த வகையால்தான் முடியும். முன்பற்களில் கேப் போட்டிருப்பவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். புதிதாகக் கேப் போட்டாலோ ஒரு பல் போனாலோ பழைய கார்டு பொருந்தாது. மறுபடி அளவெடுக்க வேண்டும்.

காப்பாற்றி வைப்பது

இரண்டு வகைக்கும் பெரிய எதிரி வெயில். சூட்டில் இளகும் பொருள் என்பதால், மே மாதம் நிறுத்திவைத்த காரின் டாஷ்போர்டில் வைத்த கார்டு வடிவம் மாறிவிடும். கழுவ வெந்நீர் ஆகாது. ஆட்டம் முடிந்ததும் குளிர்ந்த நீரில் அலசி, மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, காற்றோட்டத் துளையுள்ள கெட்டியான டப்பாவில் வைத்தால் போதும். ஈரத்தோடு மூடி வைத்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகும். காகிதத்தில் சுற்றி வைக்கும் கார்டு குப்பையோடு போய்விடுவதும் சகஜம். அடுத்தவரோடு பகிர்வது கூடவே கூடாது.

மாற்றும் நேரம் வந்துவிட்டதைக் கார்டே காட்டும். விளிம்பில் கிழிசல், மென்று மென்று ஓட்டை விழுந்த கடிபரப்பு, வாயைத் திறந்தால் நழுவுவது, காலிப்பரில் முன்பக்கம் மெலிந்திருப்பது ஆகிய நான்கில் எது தெரிந்தாலும் புதிது வேண்டும். கிழிசலில் உரசி ஈறு புண்ணானால் அதே நாளில் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

எதிர்பார்க்கக் கூடாதது

மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று சில பெட்டிகளின் மேல் எழுதியிருக்கும். பனி ஹாக்கியில் கார்டு போட்டவர்களுக்கு மூளை அதிர்ச்சி குறைவாக இருந்ததாகத் தரவுகள் உண்டு. மற்ற விளையாட்டுகளுக்கு அதே உறுதியோடு சொல்ல இப்போதைக்கு ஆதாரம் போதாது. பல்லையும் உதட்டையும் தாடையையும் காக்க வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டால் போதும். தலையில் அடிபட்டுத் தலைசுற்றுகிறவரைக் கார்டு போட்டிருந்தார் என்பதற்காகத் தொடர்ந்து ஆடவிடக் கூடாது.

நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நேராகப் பட்டால் எந்தக் கார்டும் முழுக் காவல் இல்லை. நிரந்தரப் பல் வேரோடு கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுத்து, மண் இருந்தால் பாலிலோ உப்பு நீர்மமான சலைனிலோ லேசாக அலசி, அதே குழியில் உடனே வைத்துக் கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி மருத்துவரிடம் ஓட வேண்டும். வைக்க முடியாவிட்டால் பல்லைப் பாலில் போட்டு எடுத்துப் போகலாம். உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் பிழைக்காது. விழுந்தது பால்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. கீழே வளரும் பல்லுக்கு அது கேடு.

கோவில்பட்டி வீட்டுக்கு வருவோம். அக்காளுக்கு இரண்டு அடுக்கு, முன்பக்கம் மூன்றரை மில்லிமீட்டர். தம்பிக்குச் சிறுவர் அளவு வெந்நீர் வகை ஒன்று; ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லி நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும், காலிப்பரில் அளக்க வேண்டும். பதின்மூன்று வயதில் இரண்டாம் கடைவாய்ப் பல் முளைத்து, ஆடும் பல் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லி, கம்பி போடும் வேலை இருந்தால் அதுவும் முடிந்த பிறகு, அவனுக்கும் அளவெடுக்கலாம். அதற்கு முன் அந்தச் சில ஆயிரத்தைச் செலவழிக்க அவசரமில்லை. அதுவரை ஒருநாள்கூடக் கார்டு இல்லாமல் அவனை மைதானத்தில் இறக்காமல் இருந்தால் சரி.